லீவு கேட்ட விதம்

என் மனைவி இருந்தவரை கேட்க வேண்டியதையெல்லாம் அவளே கேட்டுவிடுவாள். நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக் கூரை ஒழுகினாலும் ஆபீசுக்குப் போய் நிற்பது அவள்தான். நான் தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் பகுதியில் வேலை செய்கிறேன். அங்கே மின்விசிறிச் சத்தத்தில் யாரும் பேச வேண்டியதில்லை. எனக்கும் அதுவே பழகிவிட்டது.

அவளுடைய முதல் வருஷத் திதி ஒரு புதன்கிழமை வந்தது. சூப்பர்வைசருக்கு இரண்டு முறை வாட்ஸ்அப்பில் எழுதினேன். "பார்ப்போம்" என்று ஒருமுறை பதில் வந்தது. பிறகு டியூட்டி அட்டவணை ஒட்டினார்கள். புதன்கிழமை என் பெயர் இருந்தது. முருகா, அவளுக்குச் செய்ய வேண்டிய ஒரே நாளும் போய்விடுமோ என்று நேரே ஆபீசுக்குப் போனேன்.

அங்கே கணக்கு எழுதும் கிராணிப் பெண்ணிடம் போனையே நீட்டினேன். அவள் சத்தமாகப் படித்தாள்.

"'தொந்தரவுக்கு மன்னிக்கவும் சார். சும்மாதான் கேட்கிறேன். ஒருவேளை முடிந்தால் புதன்கிழமை லீவு கிடைக்குமா? இல்லாவிட்டாலும் பரவாயில்லை.' என்னண்ணே இது? லீவு கேக்குறீங்களா, மன்னிப்பு கேக்குறீங்களா?"

"மரியாதையா இருக்கட்டும்னுதாம்மா."

"பரவாயில்லன்னு நீங்களே எழுதிட்டீங்க. அவருக்கும் பரவாயில்லாம போச்சு. திதின்னு ஒரு வார்த்தைகூட இல்லையே லா!"

நான் சொல்லச் சொல்ல அவள் புதிதாக எழுதினாள். இடையில் நான் "முடிந்தால்" என்றபோதெல்லாம் அவள் விரல் நின்றுவிடும். கடைசியில் இப்படி வந்தது:

"வணக்கம் சார். வரும் புதன்கிழமை என் மனைவியின் முதல் வருஷத் திதி. அன்று எனக்கு லீவு வேண்டும். வியாழக்கிழமை காலை வேலைக்கு வந்துவிடுவேன். தயவுசெய்து இன்றைக்குள் பதில் சொல்லுங்கள். நன்றி."

"துரைக்கே உத்தரவு போடுற மாதிரி இருக்கேம்மா."

"வணக்கம் இருக்கு, தயவுசெய்து இருக்கு, நன்றி இருக்கு. இன்னும் என்ன, கால்ல விழணுமா? அனுப்புங்க."

கண்ணை மூடி முருகனை நினைத்துக்கொண்டு அனுப்பினேன். தேநீர் வேளைக்குள் சூப்பர்வைசரே நேரில் வந்துவிட்டார்.

"திதின்னு முதல்லயே சொல்லிருக்கலாமே அண்ணே. சும்மா கேக்குறேன்னு போட்டிருந்தீங்க, நானும் முக்கியம் இல்ல போலன்னு விட்டுட்டேன். போய்ட்டு வாங்க. ஆள் மாத்திக்கிறேன்."

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "லீவு குடுத்துட்டாங்க" என்றேன். அடுப்படியில் யாரும் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

புதன்கிழமை பக்கத்து ஊரான ரிங்லெட்டில் உள்ள கோயிலுக்குப் போனேன். பனி இறங்கி எதிரே உள்ள கடைகள்கூடத் தெரியவில்லை. ஐயர் எள்ளும் தண்ணீரும் எடுத்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார்.

"இன்னும் யாராவது வரணுமா? காத்திருக்கலாமா?"

சிங்கப்பூரில் இருக்கும் மகள் வருவதாகச் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. 'ஒருவேளை மகள் வந்தாலும்...' என்று வாய்வரை வந்தது.

"யாரும் இல்லைங்க சாமி. நான் மட்டும்தான். ஆரம்பிங்க" என்றேன்.