நானூற்றுப் பன்னிரண்டு படம்

கமலவேணி எங்கள் கடையில் பதினாலு வருஷம் நின்றவள். செவ்வாய்ப்பேட்டையில் மொத்த மளிகை, பேக்கிங் பகுதி. தராசு முன்னால் காலையில் நின்றால் சாயங்காலம் வரைக்கும் நிற்க வேண்டும். பருப்பை அளந்து, கவரில் கொட்டி, சூட்டில் ஒட்டி, தள்ள வேண்டும். கால் நரம்பெல்லாம் கயிறு மாதிரி புடைத்துக் கிடக்கும். டாக்டர் உட்காரச் சொன்னார். எங்கே உட்காருவது? கடையில் இருந்தது ஒரே ஒரு நல்ல நாற்காலி. கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும். அதன்மேல் முதலாளி வெங்கடாசலத்தின் துண்டு கிடக்கும். வேறு யாரும் தொடமாட்டோம்.

நான் குடோன் மேஸ்திரி. மூட்டை இறக்குவது, அடுக்குவது, எண்ணுவது என் வேலை.

போன மாசம் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட் கம்பெனி எங்கள் சரக்கை ஆன்லைனில் விற்கச் சம்மதித்தது. ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொரு சரக்குக்கும் பார்கோடு தெரிகிற பக்கத்தைப் படம் எடுத்து, அந்தப் படத்துக்கு அந்த பார்கோடு நம்பரையே பேராக வைத்து அனுப்ப வேண்டும். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு சரக்கு. முதலாளி கோயமுத்தூரிலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரனைக் கூப்பிடப் பார்த்தார்.

கமலவேணி தராசை விட்டு முன்னால் வந்தாள். "நான் பண்றனுங்க."

"உனக்கென்ன தெரியும்?"

"போன்ல படம் எடுக்கத் தெரியுமுங்க. பேர் மாத்த ஆனந்தகுமார்கிட்ட கேட்டுக்கறேன்." ஆனந்தகுமார் அஸ்தம்பட்டியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர், எங்கள் கடைக்கும் அவர்தான்.

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வியாழக்கிழமை நாலு மணி. ஒரு படம் குறையக் கூடாது, ஒரு பேர் தப்பக் கூடாது. முடிச்சீன்னா அந்த நாற்காலி உனக்கு. இல்லீன்னா கோயமுத்தூர்க்காரன் வருவான், நீ மறுபடி தராசுக்குப் போ."

ஆனந்தகுமார் ஒரு சின்ன புரோகிராம் போட்டுக் கொடுத்தார். அது படத்தில் இருக்கும் கோடுகளைப் படித்து நம்பரைக் கண்டுபிடிக்கும். படத்தைப் பிரதி எடுத்து, நம்பரைப் பேராக வைத்து, வேறொரு ஃபோல்டரில் போடும். எடுத்த படம் எடுத்தபடி பத்திரமாக இருக்கும்.

இரண்டு நாள் நான் பாக்கெட் பாக்கெட்டாக எடுத்துக் கொடுத்தேன், அவள் படம் எடுத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் புரோகிராமை முதல்முறை ஓட்டினாள். பேக்கிங் பெண்கள் தராசை அப்படியே விட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். திரையில் வரிசையாகப் பேர் மாறிக்கொண்டே வந்தது. எல்லாம் எட்டு ஒன்பது பூஜ்யத்தில் ஆரம்பிக்கிற பதிமூணு இலக்கம். எனக்கே மயிர் கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை.

"ஏனுங்ணா, கோட்டைப் பாத்து அதுவே படிக்குதா?" என்றாள் பாப்பாயி, அவள் மிளகாய் பேக்கிங்.

"உன்னையவிட நல்லாப் படிக்குது. கத்தாத."

கடைசியில் புரோகிராம் நின்றது. பத்தொன்பது படத்தை அது படிக்கவில்லை. எல்லாமே பளபளப்புக் கவர்கள். டியூப்லைட் வெளிச்சம் கோட்டின்மேல் விழுந்து வெள்ளையாகத் தெரிந்தது, இல்லையென்றால் கவர் சுருங்கிக் கோடு நெளிந்திருந்தது. நான் பாக்கெட்டைத் தூக்கி ஷட்டர் நிழலுக்குக் கொண்டுபோனேன். இரண்டு கையாலும் கவரை இழுத்து இறுக்கிப் பிடித்தேன்.

"மேஸ்திரியண்ணா, உங்க கட்டைவிரலும் படத்துல வருது."

"வந்தா என்ன, அதுக்கும் நம்பர் போடு."

பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. விரலை நகர்த்தச் சொல்லி மறுபடி எடுத்தாள். பத்தொன்பதையும் படித்தது. ஃபோல்டரைத் துடைத்துவிட்டு முழுசாக ஒருமுறை ஓட்டினாள்.

"படித்தது 412" என்று வந்தது. பாப்பாயி கை தட்டினாள். முதலாளிகூட எட்டிப் பார்த்தார்.

கமலவேணி ஃபோல்டருக்குள் போய் எண்ணிக்கையைப் பார்த்தாள். நானூற்றுப் பத்து.

மணி மூணே கால்.

"ரெண்டு எங்க போச்சு?" என்றேன். அவள் ஆனந்தகுமாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஒரே நம்பர் ரெண்டு படத்துக்கு வந்திருக்குங்க்கா," என்றார் அவர். "ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் இருக்க முடியாது. பின்னால வந்தது முன்னால வந்ததை அழிச்சுட்டு உக்காந்துருச்சு. நான்தான் அதைத் தடுத்து வெச்சிருக்கணும், விட்டுட்டேன். புரோகிராம் ஒரு பட்டியல் எழுதியிருக்கும் பாருங்க, பழைய பேரு, புது நம்பரு. நம்பர் வாரியா அடுக்குங்க, ரெட்டை தெரியும்."

அடுக்கினாள். விரலைத் திரையில் வைத்துக் கீழே இறங்கிக்கொண்டே வந்தாள்.

"இதா ஒண்ணு!"

இரண்டு படத்தையும் திறந்தாள். இரண்டும் அரைக்கிலோ ஜவ்வரிசி. அச்சு அசல் ஒரே பாக்கெட். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எடுத்துக் கொடுத்தவன் நான். அரைக்கிலோவும் ஒரு கிலோவும் ஒரே நீலக் கவர்தான், அளவு மட்டும்தான் வேறு. ஒரு கிலோ இடத்திலும் அரைக்கிலோவையே எடுத்து நீட்டியிருக்கிறேன்.

"பதினாலு வருஷமா ஜவ்வரிசி மூட்டை எண்றீங்களே அண்ணா," என்றாள். அதுவே போதும். மாடிக் குடோனுக்கு இரண்டு இரண்டு படியாக ஓடினேன். ஒரு கிலோவை எடுத்துக்கொண்டு இறங்கும்போது மூச்சு இரைத்தது.

அவள் அதைப் படம் எடுத்தாள். மூணு இருபத்தைந்து. இன்னொரு ரெட்டை. இது விசித்திரம். ஒரு படத்தில் ஒற்றைக் காபித்தூள் சாஷே. இன்னொன்றில் பன்னிரண்டு சாஷே போட்ட பெரிய பை. வேறு வேறு சரக்கு, ஆனால் இரண்டுக்கும் ஒரே நம்பர்.

"காபிக் கம்பெனிக்காரன் தப்பா அடிச்சிருப்பான்," என்றார் முதலாளி. "விடு, நாளைக்குப் பாத்துக்கலாம்." அவர் கை போனுக்குப் போனது. கோயமுத்தூர் நம்பர் என்று எனக்குத் தெரியும்.

"ஒரு நிமிஷமுங்க," என்று கமலவேணி படத்தைப் பெரிசு பண்ணினாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அம்மிணி, அது கண்ணாடிப் பை! உள்ள இருக்கற சாஷே வெளிய தெரியுது. புரோகிராம் உள்ள இருக்கற கோட்டைப் படிச்சுப்போட்டுது. பைக்குன்னு ஒரு ஸ்டிக்கர் அடில இருக்கும், நான் பாத்திருக்கேன்."

பையைப் புரட்டினாள். அடியில் மடிப்புக்குள் வெள்ளை ஸ்டிக்கர், தனி நம்பர். உள்ளே தெரிந்த சாஷேக்கள் மேல் பேப்பரை வைத்து மறைத்தாள், ஸ்டிக்கரை நீவிவிட்டு எடுத்தாள். தப்பான இரண்டு படத்தையும் நீக்கினாள், புதுசு இரண்டையும் சேர்த்தாள், ஃபோல்டரை மறுபடி துடைத்தாள்.

ஓட்டினாள்.

பேர் மாறிக்கொண்டே வந்தது. பாப்பாயி வாய்விட்டு எண்ண ஆரம்பித்து முப்பதிலேயே குழம்பிப்போனாள். படித்தது 412. ஃபோல்டருக்குள் போனாள்.

நானூற்றுப் பன்னிரண்டு!

நான் போட்ட கூச்சலில் எதிர்க்கடை எண்ணெய்க்காரர் எட்டிப் பார்த்தார். முதலாளி போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். மூணு அம்பதுக்கு எல்லாவற்றையும் அனுப்பினாள். நாலு மணி பத்து நிமிஷத்துக்குக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டும் சேர்ந்துவிட்டது, ஒன்றும் திரும்பவில்லை.

முதலாளி பாராட்டெல்லாம் சொல்கிற ஆள் இல்லை. கிட்டே வந்தார், நாற்காலியிலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கல்லாவுக்குப் போய்விட்டார்.

அவ்வளவு நேரமும் அவள் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேதான் வேலை பார்த்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"உக்காரு ஆத்தா," என்றேன்.

உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றி, இரண்டு காலையும் முன்னால் நீட்டிக்கொண்டாள். அப்புறம் மேஜைமேல் கிடந்த நீலப் பாக்கெட்டை என்னிடம் நீட்டினாள்.

"இதை மாடில வெச்சுருங்ணா. பாத்து, ஒரு கிலோ இருக்கற எடத்துல."