இடது காதுக்கு ஒரு டிக்

எங்கள் பிரசவ வார்டில் குழந்தைகளைப் பார்க்க வந்த அந்த டாக்டருக்குப் 'புராணம்' என்று பெயர் வைத்தது நான்தான். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. மணி என்ன என்று கேட்டால், கடிகாரம் வாங்கிய கதையிலிருந்து ஆரம்பிக்கிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது? பெயர் அவளுக்கும் தெரியும். ஒருமுறை போனை எடுத்து, "நான் புராணம் பேசுறேன்" என்று சொன்னவள், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று எதிர்முனையில் இருந்தவருக்கு விளக்கமும் கொடுத்தாள். ராங் நம்பர் அது.

வயதில் என் மகளை ஒத்தவள் என்பதால் அவள், இவள் என்று எழுதுகிறேன். வார்டில் நான் அவளை டாக்டர் என்றுதான் கூப்பிடுவேன், திட்டும்போதும் டாக்டர்தான். லேத் பட்டறைக்காரரின் மகள். பட்டறைச் சத்தத்தில் அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. வீட்டில் எதையும் மூன்று தடவை மூன்று விதமாகச் சொன்னால்தான் அவருக்குப் போய்ச் சேரும். அந்தப் பழக்கம் படிப்போடு சேர்ந்து வளர்ந்து, ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துவிட்டது.

பேச்சில் இருந்தவரை பரவாயில்லை. எழுத்திலும் அதே கதைதான். பிறந்த குழந்தையை வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி என்று ஒன்று எழுதித் தர வேண்டும். குழந்தை எப்படிப் பால் குடிக்கிறது, பிறந்தபோது என்ன எடை, போகும்போது என்ன எடை, என்னென்ன பரிசோதனை ஆயிற்று, அடுத்து எந்தத் தேதியில் பார்க்க வேண்டும். குடும்ப டாக்டர் அதைப் பார்த்துத்தான் மேற்கொண்டு கவனிப்பார். புராணம் எழுதினால் நாலு பக்கம் போகும். 'தாய் முதலில் தயங்கினார், பிறகு தலையணையை மடித்து வைத்ததும் குழந்தை நன்றாகப் பற்றிக் குடித்தது' என்று தலையணைக்குக்கூட அதில் இடம் உண்டு.

அந்த நாலு பக்கமும் போய் விழுவது பெரும்பாலும் ஒரே மேஜையில்தான். சைக்கிள் கடைக்கு மேலே கிளினிக் வைத்திருக்கும் குடும்ப டாக்டர் ஒருவர். வழுக்கைத் தலை, முன்கோபம், ஆனால் கைராசிக்காரர். ஒருநாள் வார்டுக்கே போன் போட்டுவிட்டார்.

"சிஸ்டர், வெளியில நாப்பது பேர் உக்காந்திருக்காங்க. நான் வைத்தியம் பாக்கட்டுமா, இல்ல உங்க டாக்டரம்மா எழுதுற தொடர்கதையைப் படிக்கட்டுமா? ஒரே பக்கம்! அதுக்கு மேல ஒரு வரி வந்தாலும் திருப்பி அனுப்பிடுவேன்."

விஷயம் பெரிய டாக்டர் காதுக்குப் போய், ஒரே பக்கம் என்று உத்தரவும் வந்துவிட்டது. புராணம் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒரு பக்கம் தயார் செய்துகொண்டு வந்தாள். பால், எடை, பரிசோதனைகள், தேதிகள். பரிசோதனைக்கு நேராகச் சின்னச் சின்னப் பெட்டிகள். முடிந்ததும் டிக் போட வேண்டியதுதான். "எப்படி சிஸ்டர்?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொன்னோம். சைக்கிள் கடை டாக்டரும் போனில் "இப்பதான் நீங்க டாக்டர்" என்றாராம். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பார்சல்காரர் வந்து சேர்ந்தார்.

பார்சல் ஆபீஸ் கவுண்டரில் எடை போடுகிற வேலை அவருக்கு. மனைவிக்குத் தலைப்பிரசவம், பெண் குழந்தை. மூன்று கிலோ நூற்றிருபது கிராம் என்று சொன்னதும் ஆள் கண் கலங்கிவிட்டார். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது எடை பார்த்தால் இரண்டு கிலோ எண்ணூற்றுத் தொண்ணூறு. ஆனந்தக் கண்ணீர் காய்ந்துபோனது.

"மேடம், இருநூத்தி முப்பது கிராம் குறையுது. எங்க கவுண்டர்ல இப்படிக் குறைஞ்சா என் வேலை போயிடும்."

"குறையத்தான் செய்யும்ங்க. உடம்புல இருக்கிற நீர் வெளியேறும், கறுப்பா மலம் போகும். பத்து சதவீதத்துக்கு மேல குறைஞ்சாதான் யோசிக்கணும். உங்க பொண்ணுக்கு ஏழு சொச்சம்தான். நல்லா குடிக்கிறா, ஒண்ணுக்கும் போறா. ரெண்டு வாரத்துல பழைய எடைக்கு வந்துடுவா."

"இதை அப்படியே எழுதிக் குடுங்க."

அவள் எழுதினாள். எழுதச் சொன்னால் அவளுக்குக் கசக்குமா? எடை ஏன் குறைந்தது, எத்தனை சதவீதம், இரண்டு நாளில் எடையும் மஞ்சள் காமாலையும் பார்க்க வேண்டும், இரண்டு வாரத்தில் மறுபடி எடை. அவர் ஒவ்வொரு வரிக்கும் சந்தேகம் கேட்க, இவள் இன்னொரு வரி சேர்க்க, ஒரு பக்கத்தில் பாதி போய்விட்டது. மிச்சமிருந்தது பெட்டிகள்தான். குதிகாலில் குத்தி எடுத்த ரத்தம், டிக். காலில் மாட்டிப் பார்த்த ஆக்சிஜன் அளவு, டிக். கண், டிக். காது, டிக்.

காது பரிசோதனை நடந்தது உண்மைதான். அன்று காலை காதுப் பிரிவுப் பெண் வந்து பார்த்தாள். வலது காது பாஸ், இடது காது பாஸ் ஆகவில்லை. பிறந்த புதிதில் காதுக்குள் அழுக்கும் நீரும் இருந்தால் அப்படி வருவது சகஜம். ஒரு மாதத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வார்டு நோட்டில் அதைப் புராணமே எழுதியிருக்கிறாள். சம்மரியில் மட்டும் அந்த வரிக்கு இடமில்லாமல் போய்விட்டது. பார்சல்காரரின் எடைச் சந்தேகங்களுக்கு நடுவே வாயால் சொல்லவும் விட்டுப்போயிற்று. பெட்டி கேட்டது 'ஆயிற்றா?' என்று. 'என்ன ஆயிற்று?' என்று அது கேட்கவில்லை.

மாதம் முடியப் போகிற சமயத்தில் காதுப் பிரிவிலிருந்து போன் வந்தது. மறுபரிசோதனைக்கு அந்தக் குழந்தை வரவேயில்லையாம். புராணம் சம்மரி நகலை எடுத்துப் பார்த்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

பார்சல்காரர் போன் எடுக்கவில்லை. சைக்கிள் கடை டாக்டர் எடுத்தார்.

"காதுக்கு டிக் இருக்கே அம்மா. நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்? குதிகால் ரத்த ரிசல்ட்டும் சரியா வந்துடுச்சு. எடையும் ஏறிடுச்சு. அந்த ஆளுக்கு மாத்தல் ஆயிடுச்சாம், நாளைக்குக் காலையில ஊரை விட்டுக் கிளம்புறாங்க. இன்னைக்குச் சாயந்திரம் கடைசியா எடை பாக்க வர்றாங்க."

டியூட்டி முடிந்ததும் இருவரும் ஆட்டோ பிடித்தோம். வழி நெடுக, என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தபடியே வந்தாள். காதின் அமைப்பில் ஆரம்பித்தாள். பாலம் தாண்டும்போதும் காதுக்குள்தான் இருந்தாள்.

கிளினிக்கில் பார்சல்காரர் குழந்தையின் எடை ஏறிய வரைபடம் ஒன்றை விரித்து டாக்டருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். தினமும் குழந்தையைப் பார்சல் ஆபீஸ் தராசில் வைத்து எடை எடுத்திருக்கிறார் மனுஷன். துண்டின் எடையைக் கழித்து. டாக்டர் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார். மூலையில் அவர் மனைவி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

புராணம் உள்ளே போனாள். டாக்டர் கையை உயர்த்தினார். "சுருக்கமா!"

"இடது காது பாஸ் ஆகல. அதை எழுதாம டிக் மட்டும் போட்டது என் தப்பு."

அவள் வாழ்நாளிலேயே சொன்ன மிகச் சின்னப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். டாக்டர் அவளைப் பார்த்தார், மேஜைமேல் இருந்த சம்மரியைப் பார்த்தார். "நானும் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்" என்று முணுமுணுத்தார். அவரைப் பொறுத்தவரை அது காலில் விழுந்ததற்குச் சமம்.

அப்போதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.

"வலது பக்கம் படுக்கப் போட்டா, கதவு அடிச்சாலும் இவ அசையறதில்ல. இடது பக்கம் போட்டா சின்னச் சத்தத்துக்கே தூக்கிப் போடுது. இவர்கிட்ட சொன்னேன். எடை ஏறுது பாருன்னார். உங்ககிட்டயும் சொன்னேன் டாக்டர். எல்லா டெஸ்டும் முடிஞ்சு டிக் போட்டிருக்குன்னீங்க."

பார்சல்காரர் தன் வரைபடத்தை மெதுவாக மடித்தார்.

பயணம் ஒரு நாள் தள்ளிப்போனது. காலையில் காதுப் பிரிவு அறையில் எல்லோரும் கூடினோம். குழந்தை தூங்க வேண்டும், அறையில் சத்தமே இருக்கக் கூடாது. காதுப் பிரிவுப் பெண் நேராகப் புராணத்தைப் பார்த்து, "டாக்டர், நீங்க வெளியில இருந்தா நல்லது" என்றாள். "நான் பேசவே மாட்டேன்" என்றாள் இவள். சொன்னபடி பேசவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, முகம் சிவந்து, குக்கர் மாதிரி நின்றுகொண்டிருந்தாள். குழந்தை சுகமாகத் தூங்கியது. வலது காது பாஸ். இடது காதுக்கு மூன்று தடவை பார்த்தார்கள். மூன்று தடவையும் ஆகவில்லை.

"இதனால காது கேக்காதுன்னு முடிவு பண்ண முடியாது. பெரிய டெஸ்ட் ஒண்ணு இருக்கு. மூணு மாசம் முடியறதுக்குள்ள செஞ்சா போதும். குறை இருந்தாலும் இப்பவே தெரிஞ்சா நிறைய செய்யலாம்" என்றாள் புராணம். மூன்று தடவை மூன்று விதமாகச் சொன்னாள். அன்றைக்கு யாரும் அவளைத் தடுக்கவில்லை.

அப்புறம் உட்கார்ந்து, போகிற ஊர் டாக்டருக்குப் புதுச் சம்மரி எழுதினாள். ஒரே பக்கம். பெட்டி ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் எதிரில் முடிவு. முடிவு சரியில்லாத இடத்தில் யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று ஒரு வரி. எடைக்கு ஒரே வரி. கடைசியில், 'இடது காது சரியாகக் கேட்கவில்லை என்ற சந்தேகத்தைத் தாய் முன்பே சொன்னார். அவர் சொல்வதைக் கேட்கவும்' என்று எழுதினாள். பெரிய டாக்டர் கடைசி வரியை அடிக்கச் சொன்னார். நகல் போய்ச் சேர்ந்த சைக்கிள் கடை டாக்டரோ விஷயம் கேள்விப்பட்டுப் போன் போட்டு, "வேற எதை வேணாலும் அடிங்க, அந்த வரியில யாரும் கை வைக்கக் கூடாது" என்று கத்தினார். வரி இருந்துவிட்டது.

பார்சல்காரர் தாளை வாங்கி, பழக்கதோஷத்தில் எடையைத்தான் முதலில் தேடினார். பிறகு கடைசி வரிக்கு வந்தார். அதை இரண்டு தடவை படித்தார். குழந்தையின் இடது கன்னத்தைத் தொட்டு, "ஏ குட்டி" என்றார்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க" என்றாள் மனைவி.

மறுபேச்சுப் பேசாமல் அவர் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தார்.