ஆறு துண்டும் ஒரே அளவு

அவளை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. இதைப் படித்துவிட்டு நாங்கள் பிற்பாடு தோழிகளாகிவிட்டோம் என்று யாராவது நினைத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் எனக்கு ஒன்பது வருடம். எங்கள் லைனில் புதுப் பெண்களுக்கு வேலை கற்றுத் தருவது நான்தான். அவள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவள், படப்பையில் நாலு பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வந்த இரண்டாவது வாரமே சூப்பர்வைசர் எதிரில், "அக்கா இந்தப் பெட்டியத் தொறக்கவே இல்லியே, அதுக்குள்ள டிக் போட்டுட்டாங்க" என்றாள். உண்மைதான். பெட்டியிலிருந்த வயர்களைப் பார்க்காமலே பார்த்ததாகத் தாளில் டிக் போட்டிருந்தேன். எல்லாரும் போடுவதுதான். ஆனால் மெமோ வாங்கியது நான் ஒருத்தி. அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்த்தாலே எனக்கு எரியும்.

டிசம்பரில் எச்.ஆர். மேடம் ஒரு போட்டி வைத்தார். ஒவ்வொரு லைனும் தன் டீ மேசைக்கு மேலே கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்ய வேண்டும். பனிக்காலம்தான் தலைப்பு. பிளாஸ்டிக் கூடாது, கடையில் வாங்கவும் கூடாது. டிசம்பரிலும் முதுகில் வேர்வை ஓடுகிற ஊரில் நாங்கள் காகிதத்தில் பனிப்பூ வெட்ட வேண்டும். எங்கள் லைனுக்குப் பொறுப்பு நான். யூடியூபில் இரண்டு வீடியோ பார்த்துவிட்டுப் பெரிய வாத்தியாரம்மா ஆகிவிட்டேன்.

நிஜமாகவே நன்றாகத்தான் சொல்லித் தந்தேன். தாளை முதலில் சதுரமாக்கணும். ஒரு மூலையை எதிர்ப்பக்க விளிம்போடு சேர்த்து மடித்து, மிஞ்சுகிற பட்டையை வெட்டிவிட்டால் சதுரம். அதைக் குறுக்கே மடித்தால் முக்கோணம். இன்னும் இரண்டு முறை பாதியாக மடித்து வெட்டினால் நாலு பக்கமும் ஒன்றுபோல ஒரு பூ வரும். கை பழகாதவர்களுக்கு அது போதும். ஆறு கை வேண்டுமென்றால் முக்கோணத்தின் நீளப் பக்கத்து நடுவைப் பிடித்துக்கொண்டு, வலது மூலையை ஒரு பங்கு, இடது மூலையை அதன் மேல் ஒரு பங்கு என்று சரியாக மூன்றாக மடித்து, அதையும் பாதியாக மடிக்கணும். மேலே நீட்டிக்கொண்டிருப்பதைச் சாய்வாக வெட்டிவிடணும். அப்போது பன்னிரண்டு அடுக்கு. மெல்லிய தாளாக இல்லாவிட்டால் கத்தரி திணறும்.

அவள் ஒரு ஓரமாக உட்கார்ந்து நாலு பக்கப் பூவே வெட்டிக்கொண்டிருந்தாள். ஆறு வராதா என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். "மொதல்ல இது கைக்கு வரட்டும்க்கா" என்றாள். அந்த நிதானமும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆறு கைப் பூ எட்டு நான் வெட்டினேன். மெலிந்த கூரான கைகளாக வரவேண்டும் என்று, ஒரு மடிப்பு விளிம்பை முழு நீளத்துக்கும் பல் பல்லாக நறுக்கி எடுத்தேன், நுனியருகே மட்டும் கொஞ்சம் விட்டு. நடுவில் ஒரு ஓட்டை இருந்தால் நூல் கோக்க வசதி என்று கடைசியில் தோன்றியது. ஷிப்ட் முடிந்து பஸ் நின்றுகொண்டிருந்தது. எட்டின் நுனியையும் சடசடவென்று நறுக்கி, மடித்தபடியே பெட்டியில் அடுக்கி, மேலே கனமான ஃபைலை வைத்தேன். அந்த வாரம் அவளுக்கு ரெண்டாம் ஷிப்ட். பெட்டி அவள் பொறுப்பில் இருந்தது.

மறுநாள் ரெண்டாம் ஷிப்ட் வரும் நேரத்தில், தொங்கவிடலாம் என்று முதல் பூவைப் பிரித்தேன். மேசையில் கொட்டியது. ஆறு துண்டு. இரண்டாவதும் அப்படியே. எட்டும் அப்படியே.

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. உள்ளே வந்தவளைக் காட்டி, இவள்தான் வெட்டிப் போட்டாள் என்று கத்தினேன். சூப்பர்வைசர் வந்தார். நேற்று பிரித்துப் பார்த்தாயா, நன்றாக இருந்ததா என்று கேட்டார்.

"எட்டையும் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் சார் மடிச்சு வெச்சேன். ஒண்ணுகூட கிழியலை. பொறாமை புடிச்சுகினு வெட்டிக்கீறா."

பிரித்துப் பார்க்கவே இல்லை. அந்த மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது, சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவர் அவளைப் பார்த்து, இந்த மாதிரி ஆள் எனக்கு வேண்டாம், எச்.ஆருக்குப் போ என்றார்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். காத்திருந்தேன் என்றே சொல்லலாம். அவள் ஒரு பூவின் ஆறு துண்டுகளையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். பல்லுக்குப் பல் பொருந்தியது. பிறகு ஒரு தாளை என் முன்னால் நகர்த்தினாள்.

"அக்கா, நேத்து வெட்டுன மாதிரியே இப்ப ஒண்ணு வெட்டிக் காட்டுங்க. அதுக்குப் பொறவு என்னைய அனுப்புங்க."

எனக்கு என்ன பயம்? சதுரமாக்கினேன், மடித்தேன், மூன்றாக்கினேன், பாதியாக்கினேன். லைன் மொத்தமும் சுற்றி நின்றது. விளிம்பைப் பல் பல்லாக நறுக்கினேன். நுனியையும் நறுக்கினேன். கையில் அது முழுசாகத்தான் இருந்தது. அடுக்குகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும், பிரிக்கும்வரை தெரியாது. பிரித்தேன்.

ஆறு துண்டு.

ஒரு மடிப்பை முழுக்க நறுக்கியபின் ஆறு கையையும் பிடித்துக்கொண்டிருந்தது அந்த நுனி ஒன்றுதான். அதையும் நானே எடுத்துவிட்டிருக்கிறேன். எட்டுத் தடவை.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார், பிரித்துப் பார்த்தேன் என்றாயே என்று. மெமோவைக் கொடுத்த அன்றைக்கும் இதே கேள்வியைத்தான் கேட்டிருந்தார். அவளிடம், போய் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வாய் வரை வந்தது, அவள் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. அவளும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. துண்டுகளையெல்லாம் பொறுக்கி எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை டீ மேசைக்கு மேலே நாலு பக்கப் பூக்கள் தொங்கின. சுற்றாமல் நிற்க ஒவ்வொன்றுக்கும் இரண்டு நூல், ஏற்ற இறக்கமாக. ஜன்னல் கண்ணாடியில் சிறியவை ஒட்டியிருந்தன. நான் எப்போதும் உட்காரும் நாற்காலிக்கு நேர் மேலே மட்டும் வேறு ஒன்று. என் துண்டுகள். ஆறு ஆறாக, ஒவ்வொன்றின் தலையிலும் ஊசியால் ஓட்டை போட்டு, நைலான் நூலில் ஒன்றின்கீழ் ஒன்றாகக் கோத்து, நேற்று வெட்டிக் காட்டியதையும் சேர்த்து ஒன்பது சரம். ஏசி காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.

ஷிப்ட் மாறும் நேரத்தில் எச்.ஆர். மேடம் வந்தார், மற்ற லைன்களைப் பார்த்துவிட்டு எங்கள் மேசையில் நின்றார். எல்லோரும் பூ தொங்கவிட்டிருக்கிறார்கள், இந்தச் சரம்தான் புதுசு என்றார். யார் வெட்டியது என்று கேட்டார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எல்லாம் அக்கா வெட்டுனதுதான் மேடம். நான் கோத்துத் தொங்கவிட்டேன், அவ்வளவுதான்."

பரிசு எங்களுக்கு. கைதட்டினார்கள். சரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நான் போட்டோவுக்கு நின்றேன். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன்.

அவள் ஒப்பந்தத்தை ஜனவரியில் புதுப்பித்தார்கள். சரம் பொங்கல் வரை அங்கேயே இருந்தது. அதைக் கழற்றச் சொல்ல என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் தினமும் அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டேன். எதிரில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள்.