தெருவோடு சாய்ந்த பலகை

அலுவலகத்தில் அவனை ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். கொத்தனார் சுவர்மேல் வைத்து மட்டம் பார்க்கும் கருவியின் பெயர். சாப்பிடப் போன இடத்தில் சுவரில் ஒரு படம் கோணலாகத் தொங்கினால் எழுந்துபோய் நேராக்கிவிட்டுத்தான் இலையில் கை வைப்பான். பெயர் ஒட்டிக்கொள்ள இது போதாதா?

விளம்பர நிறுவனம் அது. கடைக்காரர் இன்னும் செய்யாத பலகையை, மாட்டினால் தெருவில் எப்படி இருக்கும் என்று புகைப்படத்துக்குள் வைத்துக் காட்டுவது அவன் வேலை. புதிதாக வருகிறவர்கள் தபால்தலை ஒட்டுகிற மாதிரி ஒட்டுவார்கள். அவன் முதலில் ஜன்னல் விளிம்புகளையும் சுவரின் விளிம்புகளையும் திரையில் நீட்டிக்கொண்டே போவான். தூரத்தில் அவை எல்லாம் ஒரு புள்ளியில் போய்ச் சேரும். மறைபுள்ளி. அந்த உயரத்தில்தான் படம் எடுத்தவனின் கண்மட்டம். அதற்கு மேலே இருப்பது தூரம் போகப் போக இறங்க வேண்டும், கீழே இருப்பது ஏற வேண்டும். சுவர் எந்தப் புள்ளிக்குப் போகிறதோ, அதில் தொங்கும் பலகையும் அங்கேதான் போக வேண்டும்.

"சுவரு ஒரு பக்கம் ஓடி, போர்டு ஒரு பக்கம் ஓடுச்சுன்னா ரெண்டுக்கும் சண்டைன்னு அர்த்தம்டா. பார்க்கிறவனுக்குக் காரணம் தெரியாது, ஆனா கண்ணு உறுத்தும்" என்பான்.

குடும்பத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன். அண்ணன் இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். "என் தம்பி கை வச்சா, எது நிஜம் எது ஒட்டுனதுன்னு எமனே வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டான்."

அந்த அண்ணன் ஒரு மத்தியானம் பழைய புகைப்படம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தான். அப்பாவின் தையல் கடை. தெரு நடுவில் நின்று யாரோ எடுத்தது. அப்பா போன பிறகு தையல் மிஷினை மிதிமிதியென்று மிதித்துக் கடையை ஓட்டியவள் அக்கா. இப்போது கடை யாருக்கு என்று அண்ணனும் அக்காவும் வக்கீல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வாசலுக்கு மேல ஒரு போர்டு. அதுல என் பேரு. அவ்வளவுதான்" என்றான் அண்ணன். "அப்பா இருக்கையிலேயே கடை என் பேர்ல ஓடுச்சுன்னு ஆயிடும்."

"அண்ணே, அப்படி ஒரு போர்டே இல்லியே."

"இல்லாதத வைக்கிறதுதானடா உன் வேலை? ஊரான் கடைக்கெல்லாம் வைக்கிறே. உன்ன படிக்க வச்சவன் கேட்டா கை வலிக்குதா?"

படிப்புச் செலவு அண்ணன் கையிலிருந்துதான் வந்தது. அண்ணன் கைக்கு அது எந்தத் தையல் மிஷினிலிருந்து வந்தது என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் படத்தை வாங்கிக்கொண்டான்.

திரையில் ஏற்றிப் பார்த்தபோது அடுத்த வீட்டுப் படியில் அக்கா நின்றாள். பாவாடை சட்டையில், கையில் ஒரு குடத்தோடு, நேராகக் கேமராவைப் பார்த்தபடி. அவன் படத்தைப் பெரிதாக்கினான். அவள் ஓரத்தில் ஒதுங்கினாள். இன்னும் பெரிதாக்கினான். அவள் திரைக்கு வெளியே போனாள். அவளுக்குப் பின்னாலிருந்த வீடுகளும், அவற்றின் ஜன்னல்களும் கூடவே போயின.

அப்பாவின் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கோடு இல்லை. வாசலின் மேல்நிலையைத் தொய்ந்த படுதா ஒன்று மறைத்திருந்தது. தெருவின் இரண்டு விளிம்புகள் மட்டும் நீளமாக, பளிச்சென்று கிடந்தன. அவற்றை நீட்டி, சேர்ந்த இடத்தில் புள்ளி வைத்தான். பலகையின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் அந்தப் புள்ளிக்கே இழுத்தான். எழுத்துகள் தூரம் போகப் போக ஒடுங்க வேண்டும், ஒடுக்கினான். பழுப்பேற்றினான், மழைக்கறை வைத்தான், படுதாவின் நிழலைக்கூட விழ வைத்தான். முடித்ததும் முழுப்படத்தைத் திரும்பப் பார்க்காமல் அண்ணனுக்கு அனுப்பிவிட்டான். அவன் வாழ்நாளில் சரிபார்க்காமல் அனுப்பிய படம் அது ஒன்றுதான்.

இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசினார்கள், அண்ணனின் வக்கீல் அறையில். அக்காவின் வக்கீல் தன்னோடு ஒரு பெண்ணை அழைத்து வந்திருந்தார். கட்டட வரைபடம் போடுகிறவர். படத்தின் பிரதியை மேசையில் விரித்து, அடிக்கோலையும் சிவப்புப் பென்சிலையும் எடுத்தார். அடுத்த வீட்டு ஜன்னலின் மேல்விளிம்பு, அடிவிளிம்பு, அதற்கடுத்த வீடு, எதிர்வரிசைத் திண்ணை. எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில் போய்ச் சேர்ந்தன. பிறகு பலகைக்கு வைத்தார். அது அந்தப் புள்ளிக்குப் போகவில்லை. அதற்குக் கீழே, தெருவின் விளிம்புகள் சேரும் இடத்துக்குப் போனது.

"இது இறக்கமான தெருங்க" என்றார் அவர். "தெரு இறங்கினா அதோட விளிம்பு கண்மட்டத்துக்குக் கீழதான் சேரும். ஆனா தெரு சரியுதுன்னு வீட்டையும் யாரும் சரிவாக் கட்ட மாட்டாங்க. ஜன்னல் எல்லாம் மட்டமா இருக்கு. இந்தப் போர்டு மட்டும் தெருவோட போகுது."

"கோணலா மாட்டியிருக்கலாமே?" என்றார் அண்ணனின் வக்கீல்.

"மாட்டலாம். ரோட்டோட சரிவை அளந்து, கச்சிதமா அதே சரிவுல மாட்டுனாங்கன்னு சொல்றீங்களா?"

யாரோ சிரித்தார்கள். சுவரோரம் உட்கார்ந்திருந்த அவன் அந்தச் சிவப்புக் கோடுகளையே பார்த்தான். சிறுவயதில் கைதவறிய பந்து அந்தத் தெருவில் எங்கே போய் நிற்கும் என்பது அவன் கால்களுக்குத் தெரியும். இறக்கம் என்று கண்ணுக்குத் தோன்றாத இறக்கம். தெருவை நம்பக்கூடாது, ஜன்னலை நம்பு என்று அவன் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான்!

அண்ணனின் வக்கீல் படத்தைத் திரும்ப வாங்கிக் கவிழ்த்து வைத்தார். அதோடு அண்ணனின் வழக்கும் கவிழ்ந்தது.

வராந்தாவில் அண்ணன் அவன் சட்டையைப் பிடித்தான். "வேணும்னேதானடா செஞ்சே?"

"சத்தியமா இல்லண்ணே. தப்பாப் போச்சு."

"தப்பா? நீயா? ஓட்டல் சுவத்துல படம் அரை விரக்கடை சாஞ்சா தாங்க மாட்டே, உனக்கு இது தெரியலியா? அவகூடச் சேர்ந்துக்கிட்டு என்னைக் காட்டிக்கொடுத்திட்டே. இனிமே அண்ணன்னு என் வாசப்படி மிதிக்காதே."

அண்ணன் செருப்புச் சத்தம் படியிறங்கி மறைந்தது. நன்றாகச் செய்திருந்தால் அக்காவுக்குத் துரோகி, கெடுத்ததால் அண்ணனுக்குத் துரோகி.

அக்கா வந்தாள். விரல்நுனிகளில் ஊசி குத்திக் குத்திக் காய்ப்பேறிய கையை அவன் தோளில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"எனக்குத் தெரியும்டா" என்றாள் மெதுவாக. "அவன் படத்த காட்டுனதும் நெஞ்சே நின்னு போச்சு. நம்ம தம்பியா இப்படின்னு. அந்தம்மா கோடு போடப் போடத்தான் புரிஞ்சுது. அண்ணன் பேச்சையும் தட்டாம, அக்கா வயித்துலயும் அடிக்காம, தெரியாத மாதிரி ஒரு கோணல வச்சு விட்டிருக்கே. படிச்ச புத்தி."

அவன் பேசாமல் இருந்திருக்கலாம். தலையை லேசாக ஆட்டியிருந்தால் போதும். உலகத்தில் ஒரு வீட்டிலாவது அவனுக்கு ஒரு தட்டு சோறு இருந்திருக்கும். அந்தக் கை தோளில் கனத்தது.

"இல்லக்கா" என்றான். "சரியா வரணும்னுதான் செஞ்சேன்."

அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

"அப்ப, சரியா வந்திருந்தா?"

"கடை போயிருக்கும்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவசரமாக அல்ல, துணியிலிருந்து ஊசியை உருவுகிற நிதானத்தோடு. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இதச் சொல்லாம இருந்திருக்கலாம்டா" என்று சொல்லிவிட்டு, கீழே காத்திருந்த தன் வக்கீலிடம் போனாள்.