வெற்றிலை வைத்த பார்சல்

தனலெட்சுமியிடம் கல்யாணச் சேலை வாங்குபவர்கள் பார்சலைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது வெற்றிலையைத்தான். மங்கலச் சேலையை வெறுமனே அனுப்பக்கூடாது என்பது அவள் கொள்கை. கழுவிய ஒரு வெற்றிலை, மடித்த தாளில் கொஞ்சம் குங்குமம். ரெங்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தெப்ராவ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்து, முழங்கால் தேய்ந்தபின் அவள் வீட்டு முன்னறையில் தொடங்கிய வியாபாரம் இது.

மழைக்காலத்தில் பார்சல் கட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. இஸ்திரி போட்ட சேலையைச் சூடு ஆறும்வரை விசிறிக் காற்றில் விரித்து வைப்பாள். தடித்த பிளாஸ்டிக் பையில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, வாயைச் சூடு வைத்து ஒட்டுவாள். பிறகுதான் அட்டைப்பெட்டி, அதற்கு மேலும் ஓர் உறை.

அப்படிப் போன கூறைச் சேலைதான் கடலோர ஊரான மெர்சிங்கில் பாழானது. வெள்ளத்தில் சாலை மூடியதால் பார்சல் கூரியர் கிடங்கில் பல நாள் கிடந்தது. கல்யாணப்பெண்ணின் அம்மா கிருஷ்ணம்மா வீடியோ காலில் தூக்கிக் காட்டினாள். சந்தன நிறப் பட்டில் முந்தானையோரம் சிவப்பு வழிந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை முகூர்த்தம்க்கா. ரத்தக்கறை மாதிரி இருக்கிறத கட்டிக்கிட்டு எம்பொண்ணு எப்படி மணவறையில உக்காரும்?"

"கூரியர்காரன் மழையில போட்டிருப்பான்மா. பெட்டி நனைஞ்சிருக்கா?"

"பெட்டி காஞ்சுதான் இருக்கு. பைய நான்தான் கத்தரிக்கோலால வெட்டுனேன். உள்ளதான் வேர்த்துப் போயிருக்கு. உங்க வெத்தல அழுகி நாறுது."

தனலெட்சுமி போனை வைத்துவிட்டு எழுந்தாள்.

கூடத்தில் நேற்று ஒட்டிய பார்சல் ஒன்று கிடந்தது. வெட்டிப் பார்த்தாள். பையின் உட்புறம் முத்து முத்தாய் நீர். குங்குமத் தாள் ஊறிக் கொண்டிருந்தது. மழை உள்ளே வரவில்லை. ஈரத்தை இவளே உள்ளே வைத்து ஒட்டியிருக்கிறாள். புண்ணைத் துடைக்காமல் இறுக்கிக் கட்டினால் சீழ்தான் பிடிக்கும்.

"ஒரு வெத்தலைக்கா இவ்ளோ தண்ணி?" என்றான் புருஷன் வேலு. "சிலிகா ஜெல் போட்டல்ல?"

"பாக்கு அளவுக்கு ஒரு பொட்டலம். அது எவ்வளவுதாங்க குடிக்கும்?"

மற்ற பார்சல்களையும் பிரித்து வெற்றிலையைக் குப்பையில் போட்டாள். சந்தன நிறத்தில் வேறு கூறை இல்லை. மாம்பழ மஞ்சள்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் வேலு வேனை எடுத்தான். சேலை அவள் மடியில். வெற்றிலையும் குங்குமமும் தனிப் பையில், காலடியில்.

மெர்சிங்கில் கல்யாணப்பெண் மஞ்சள் சேலையைத் தோளில் போட்டுப் பார்த்தாள். "பரவால்லம்மா, இதையே கட்டிக்கிறேன்."

கிருஷ்ணம்மா கறைபட்ட சேலையை எடுத்து வந்தாள். அதை மடிக்காமல் தனலெட்சுமியின் கையில் திணித்தாள். கல்யாணத்துக்கு இருந்துவிட்டுப் போகச் சொல்லவில்லை.

தனலெட்சுமி வெற்றிலைப் பையை எடுத்து நீட்டினாள்.

"அத நீங்களே வெச்சிக்குங்கக்கா," என்றாள் கிருஷ்ணம்மா.