அகலமாக வைத்த ரூட்

பரிசோதனைக் கூடத்தில் எல்லோருக்கும் அவள் 'சர்வர்க்கா'. இணையதளத்தைக் கவனிப்பது அவள் வேலை. அதற்குத் திட்டு வாங்குவதும்தான்.

'சைட்' என்ற ஃபோல்டருக்குள் இரண்டு ஃபோல்டர்கள்: ஊருக்குக் காட்ட 'பப்ளிக்', நோயாளிகளின் முடிவுகளுக்கு 'ரிப்போர்ட்ஸ்'. அவளுக்கு முன்பு இந்த வேலையில் இருந்த புண்ணியவான் டாக்குமெண்ட் ரூட்டை 'சைட்' மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். ரூட்டுக்குக் கீழே கிடப்பதை, முகவரியில் வழியை எழுதிக் கேட்டால் சர்வர் யாருக்கும் எடுத்துக் கொடுத்துவிடும். கூடத்தின் முகவரியோடு 'ரிப்போர்ட்ஸ்' என்றும் ஒருவரின் போன் நம்பரையும் சேர்த்து அடித்தால் போதும், அவருடைய ரிப்போர்ட் திரையில் விரியும்.

"ரூட்ட பப்ளிக்குக்கு மாத்திடலாம் சார். அதுக்கு வெளிய இருக்கறத எந்த முகவரியும் தொடாது."

"போர்டுல எல்லாம் பப்ளிக்னு சேத்துத்தானே முகவரி அடிச்சிருக்கோம்? மாத்தினா அது தெறக்காதே. ஓடுறத நோண்டாதம்மா," என்றார் முதலாளி.

"பழைய முகவரிய புதுசுக்குத் திருப்பி விட்டுடறேன் சார்."

அவர் காதில் ஏறவில்லை.

நேற்று, போன வாரம் இதே கூடத்தில் பரிசோதனை செய்துகொண்ட அவள் தங்கை அழுதுகொண்டே போனை நீட்டினாள். தங்கைக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் அவள் நம்பரை அடித்துப் பார்த்து, ரிப்போர்ட்டைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்கள்.

சர்வர்க்கா யாரையும் கேட்காமல் ரூட்டை 'பப்ளிக்'கோடு சுருக்கினாள். அதே முகவரி இப்போது 'இல்லை' என்றது.

"இங்க இல்ல, சரி," என்றாள் தங்கை. "அவங்க போன்ல இருக்கறதுக்கு எந்த ரூட்டக்கா சுருக்குவ?"