கீழே அதிகம் வளைந்த பந்து

அன்று நடந்தவை, வரிசையாக:

1. கொடைக்கானலிலிருந்து முதல் பஸ்ஸில் வத்தலக்குண்டு மைதானத்துக்கு இறங்கினோம்.
2. மேலே கல்லு மாதிரி இருந்த கால்பந்து கீழே வந்ததும் தளர்ந்துவிட்டது. இது தெரிந்த விஷயம்தான்; பம்பு கொண்டுபோயிருந்தோம்.
3. செய்முறைத் தேர்வில் என் மாணவர் அடித்த பந்து கோலுக்கு வெளியே போனது.
4. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மதிப்பெண் போடப் பேனாவைத் திறந்தார்.

நான் பௌதிகம் படித்தவள். மலையில் உடற்கல்வி ஆசிரியர் பயிற்சிக்கு வந்த இறுதியாண்டு மாணவர்களுக்கு அறிவியல் வகுப்பு எடுத்தேன். அவர்களில் பலர் என்னைவிட ஓரிரு வயதே இளையவர்கள். சுழலும் பந்து ஏன் வளைகிறது என்ற மாக்னஸ் விளைவுப் பாடத்தில், லேசான காகிதக் குழாயைச் சாய்ந்த பலகையில் உருட்டிவிட்டேன். உருண்டு விளிம்பைத் தாண்டிய குழாய் நேராக விழாமல், வளைந்து மேசைக்கு அடியிலேயே போய் விழுந்தது.

"ஏலே, பேப்பருக்குக்கூட வீடு திரும்பத் தெரியுது. நீதான் சினிமா விட்டதும் பஸ் ஸ்டாண்டுலயே கெடக்க" என்று பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைச் சீண்ட, வகுப்பே சிரித்தது.

தேர்வுக்குப் போன மாணவரின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. வீட்டில் எல்லோருக்கும் தினக்கூலி வேலை. போன வருடம் இதே செய்முறையில் அவர் தோற்றிருந்தார். இந்த முறையும் தோற்றால் படிப்பை விட்டுவிட்டு எஸ்டேட் வேலைக்குப் போவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது.

தேர்வு இதுதான்: எதிரே நட்ட கம்பத்துக்கு வலப்புறமாகப் பந்தை அடித்து, அதை இடப்பக்கம் வளைத்து, இடது கோல் கம்பத்துக்குச் சற்று உள்ளே விழவைக்க வேண்டும். பிறகு விளக்கமும் சொல்ல வேண்டும். மேலே எங்கள் மைதானத்தில் அவர் அதைப் பழகிப் பழகிக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் நிலைக்கு வந்திருந்தார். கீழே அதே ஓட்டம், அதே உதை. பந்து அழகாகத்தான் வளைந்தது. ஆனால் வளைந்துகொண்டே போய் இடது கம்பத்துக்கு வெளியே விழுந்தது.

அது காற்றிலிருக்கும்போதே எனக்குக் காரணம் பிடிபட்டது. பந்துக்குள் இருக்கும் காற்றுக்காகப் பம்பை எடுத்து வந்த நாங்கள், வெளியே இருக்கும் காற்றை யோசிக்கவே இல்லை. ஆனால் கூட வந்த ஆசிரியர்கள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. நின்றேன்.

மாணவர் தேர்வாளரிடம் போனார்.

"ஐயா, ஒன்னு சொல்லலாங்களா?"

"பந்து வெளிய போயிடுச்சே தம்பி, இனி என்ன சொல்றது?"

"ஏன் போச்சுன்னு சொல்றேங்க."

பேனா அப்படியே நின்றது. "சொல்லுங்க."

அவர் பந்தைக் கையில் வைத்துச் சுழற்றிக் காட்டினார். "வலது கால் உட்புறத்தால பந்தோட வலப்பக்கத்துல உதைச்சேங்க. மேலருந்து பார்த்தா இடஞ்சுழியா சுத்தும். இடப்பக்கத் தோல் பின்னால ஓடுது, எதிர்காத்தும் அப்படித்தான் ஓடுது. அதனால அங்க காத்து கூடக் கொஞ்ச தூரம் ஒட்டிட்டுப் போயி, பின்னால வலப்பக்கமாத் திரும்புது. பந்து காத்தை வலப்பக்கம் தள்ள, காத்து பந்தை இடப்பக்கம் தள்ளுது. மலையில காத்து லேசு, தள்ளுறதும் கம்மி. இங்க காத்து அடர்த்தி. அதே உதைக்கு இங்க கூடுதலா வளையுது. நான் மலைக்கணக்கை இங்க போட்டுட்டேன்."

"கிரிக்கெட்லயும் இதேதானா?"

"சுழற்பந்து காத்துலயே விலகுறதும், மேல்சுழல் குடுத்தா சட்டுனு இறங்குறதும் இதேதாங்க. புதுப்பந்தை வேகமா வீசி ஸ்விங் பண்றது வேற சங்கதி. அதுக்குத் தையல் சாய்ஞ்சு நிக்கணும். தையல் இருக்கிற பக்கம் காத்து கலங்கி, கூடுதல் தூரம் ஒட்டிப்போகும். பக்கச்சுழல் வேலை இல்லீங்க."

தேர்வாளர் பந்தை அவர் காலடிக்கு உருட்டினார். "அப்போ இங்கத்திக் கணக்குல ஒன்னு அடிங்க."

இந்த முறை அவர் இன்னும் வலப்புறம் குறிவைத்தார். பந்து கம்பத்தைச் சுற்றி வந்து, இடது கோல் கம்பத்தின் உட்பக்கத்தில் பட்டு, உள்ளே போகாமல் திரும்பி வந்தது.

தேர்வாளர் சிரித்தார். "பந்து உள்ள போகல. ஆனா இவரு வாத்தியாரா வகுப்புக்குள்ள போகலாம்."

மறு உதைக்கு இடம் கொடுக்க விதியில் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கொடுத்தார். என்னால் பேச முடியாத இடத்தில் அந்த மாணவர் பேசினார். இரண்டு பேருக்கும் நான் நன்றிக்கடன் பட்டவள்.

அவர் தேர்வில் தேறினார். இப்போது அய்யம்பாளையம் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறார். நான் இன்னும் மலையில் அதே பாடத்தை நடத்துகிறேன். செய்முறைக்குப் போகும் மாணவர்கள் இப்போது முந்தின நாளே கீழே இறங்கி, அங்கத்திக் காற்றில் அடித்துப் பழகுகிறார்கள்.